தலைக்கு எவ்வளவு?

ஊர் கூடிப் பணம் போட்டு எடுக்கும் சின்னப் படங்கள்: போட்டவர்கள் எதிர்பார்ப்பது என்ன, பிரசாரம் கவிழ்வது எங்கே?

110 பேர், 27 நாள், 51 லட்சம் ரூபாய். கிரவுட் ஃபண்டிங்கில் சின்னதாக ஒரு படம் எடுக்கலாம் என்று கோடம்பாக்கத்தில் பேச்செடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று எண்களில்தான் ஆரம்பிப்பார்கள். கன்னட இயக்குநர் பவன் குமார் ‘லூசியா’வுக்காக 2011 கடைசியில் பணம் திரட்டத் தொடங்கிய கதை அது. தயாரிப்பாளர் கிடைக்காத ஆதங்கத்தைத் தன் வலைப்பதிவில் எழுதினார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். 2013 ஜூலையில் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் ரசிகர் விருது வாங்கியது படம். செப்டம்பரில் கர்நாடகத் தியேட்டர்களுக்கு வந்தது. தமிழில் அதுவே சித்தார்த் நடித்து 2015-ல் ‘எனக்குள் ஒருவன்’ ஆனது.

இதைச் சொல்பவர்கள் ஒரு சின்ன வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை. 51 லட்சத்தை 110-ஆல் வகுத்தால் தலைக்குச் சுமார் 46,000 ரூபாய். டீக்கடையில் சில்லறை போடும் கூட்டமில்லை இது. படம் விற்றால் பங்கு வரும் என்ற பேச்சின் பேரில் இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்து நீட்டியவர்கள். பவன் குமாரும் யாரென்று தெரியாத ஆளில்லை. அந்த வருடம்தான் ‘லைஃபு இஷ்டேனே’ என்ற முதல் படத்தைத் தியேட்டரில் ஓட்டிக் காட்டியிருந்தார்.

இதே வகுத்தலை இன்னும் இரண்டு படங்களுக்குப் போடலாம். ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். அமெரிக்காவில் 2013-ல் ‘வெரோனிகா மார்ஸ்’ என்ற நின்றுபோன டி.வி. தொடரைப் படமாக்க, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 91,585 பேர் 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். தலைக்குச் சுமார் 62 டாலர்.

இரண்டு ரூபாய், 62 டாலர், 46,000 ரூபாய். பணம் போட்டவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பது இந்தத் தொகையிலேயே இருக்கிறது. இரண்டு ரூபாய் போட்டவர் படத்தைப் பார்க்க வேண்டும், தன் ஊரின் பேர் அதில் வர வேண்டும் என்று நினைக்கிறார். 62 டாலர் கொடுத்தவர் முன்பணம் கட்டிப் பொருள் வாங்கியிருக்கிறார்; சொன்ன பொருள் சொன்ன நாளில் வந்தாக வேண்டும். 46,000 கொடுத்தவர் கணக்குக் கேட்பார், கேட்கவும் வேண்டும். என் பார்வையில், கவிழ்ந்த பிரசாரங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியவை. ஒருவரிடம் நன்கொடை என்று வாங்கி, இன்னொருவரிடம் டி-ஷர்ட் தருவதாக வாங்கி, மூன்றாமவரிடம் “லாபத்தில் பார்த்துக்கலாம் சார்” என்று வாய்வார்த்தையில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டுவிடுவது.

கூட்டம் முதலில், பிரசாரம் பிறகு

‘மந்தன்’ கதையைச் சொல்பவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடுவார்கள். அந்த ஐந்து லட்சம் பேர் விளம்பரம் பார்த்து வந்தவர்களில்லை. வர்கீஸ் குரியனின் கூட்டுறவு அமைப்பு அவர்களைப் பல வருடங்களாக ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்தது. தினமும் பால் ஊற்ற வரும் இடத்தில் இரண்டு ரூபாய் வசூலிப்பது எளிது. படம் வெளியானபோது அவர்களே லாரிகளில் தியேட்டருக்கு வந்தார்கள்.

ஜான் ஆபிரகாம் வேறு வழியில் போனார். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான், கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, துண்டேந்தி ‘அம்ம அறியான்’ (1986) படத்துக்குக் காசு சேர்த்தார்கள். இங்கே கூட்டம் முன்கூட்டியே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தை உண்டாக்கினார்கள். கொடுத்தவர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. எடுத்த படம் தன் ஊருக்கும் வர வேண்டும் என்பது மட்டுமே ஒப்பந்தம். படத்தை அப்படித்தான் காட்டவும் செய்தார்கள்.

‘வெரோனிகா மார்ஸ்’ இலக்கு 20 லட்சம் டாலர். முதல் நாளே அது நிறைந்துவிட்டது. 2007-ல் தொடர் நின்றபோது மனம் நொந்த ரசிகர்கள் ஆறு வருடமாகக் காத்திருந்தார்கள் என்பதுதான் அதன் ரகசியம்.

ஆக, பிரசாரம் கூட்டத்தைக் கண்டுபிடித்துத் தராது. இருக்கும் கூட்டத்திடம் உண்டியலை நீட்டும், அவ்வளவே. தன்னிடம் கூட்டம் இருக்கிறதா என்று ஓர் இயக்குநர் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, போனில் இருக்கும் பெயர்களில் சொந்தக்காரர்களை நீக்கிவிட்டு இருபது பேரைக் கூப்பிட்டு, “முதல் நாள் ஆயிரம் ரூபாய் போடுவீர்களா?” என்று நேராகக் கேட்க வேண்டும். போடுகிறேன் என்று சொன்னவர்களையும் ஜிபேயில் உண்மையாகவே அனுப்பியவர்களையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் போதும். குறும்படத்துக்கு யூடியூபில் விழுந்த லைக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இலக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிய பிரசாரங்களில் பெரும்பாலானவை கரை சேர்ந்துவிடுகின்றன என்று கிக்ஸ்டார்ட்டர் வெளியிடும் எண்கள் சொல்கின்றன. பணம் பெரும்பாலும் முதல் சில நாளிலும் கடைசி சில நாளிலும்தான் வரும், நடுவில் வறட்சி. முதல் வாரத்தில் வந்த பெயர்கள் அத்தனையும் அத்தை, மாமா, கல்லூரி நண்பர் என்றால் அந்த வறட்சி கடைசிவரை நீளும் என்று எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர் போட்ட முதல் ஐந்நூறு ரூபாய்தான் உண்மையான நாடித்துடிப்பு.

இதில் தளத்தின் விதியும் முக்கியம். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு நிறைந்தால்தான் பணம். இல்லையேல் யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு பைசா எடுக்கப்படாது. (இந்தியாவில் மட்டும் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் அங்கே பிரசாரம் தொடங்க முடியாது.) வந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வேறு தளங்களில் உண்டு. கேட்க இனிக்கும், ஆனால் ஆபத்தானது அதுதான். இருபது லட்சம் கேட்ட இடத்தில் நான்கு லட்சம் வருகிறது என்று வையுங்கள். அதில் படம் எடுக்க முடியாது. ஆனால் இருநூறு பேருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. டி-ஷர்ட்டும் அனுப்ப வேண்டும், படமும் காட்ட வேண்டும். வெறுங்கையோடு தோற்றிருந்தால் அடுத்த வருடம் மறுபடி முயன்றிருக்கலாம்.

இருபது லட்சம் எங்கே போகிறது?

சென்னையில் ஒருவர் இருபது லட்சம் இலக்கு வைத்து, அது முழுதாக நிறைந்தும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு கற்பனைதான், ஆனால் இப்படித்தான் நடக்கும்.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் டைட்டிலில் பெயர், படம் பார்க்க ஒரு லிங்க்: 600 பேர். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தால் கூடவே டி-ஷர்ட்: 400 பேர். ஐயாயிரம் கொடுத்தால் இவற்றோடு சிறப்புக் காட்சிக்கு இரண்டு சீட்டும் அச்சிட்ட திரைக்கதையும்: 120 பேர். இருபத்தைந்தாயிரத்துக்கு எல்லாவற்றோடும் ஒருநாள் படப்பிடிப்பைப் பார்க்கலாம்: 12 பேர். ஒரு லட்சம் கொடுத்த இருவருக்கு ‘இணைத் தயாரிப்பாளர்’ பட்டமும் உண்டு. மொத்தம் 1,134 பேர், 20 லட்சம்.

தளம் பத்து சதவீதம் கட்டணம் எடுத்தால் இரண்டு லட்சம், அதற்கு ஜி.எஸ்.டி. 36,000. பணம் கைமாறும் பேமெண்ட் கேட்வேக்கு இரண்டு சதவீதமும் வரியும் சேர்த்து 47,200. டி-ஷர்ட் வாங்க வேண்டியவர் 534 பேர். துணி, பிரிண்ட், கவர், கூரியர் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 380 ரூபாய் என்றால் இரண்டு லட்சத்து மூவாயிரம். சிறப்புக் காட்சிக்கு 268 இருக்கை. தியேட்டர் வாடகை அறுபதாயிரம் என்று வைப்போம். 134 பேருக்குத் திரைக்கதைப் பிரதி 27,000. படப்பிடிப்புக்கு வரும் பதினாலு பேரின் வண்டி, சாப்பாடு, அறை 35,000. கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் போய்விடுகிறது. படத்துக்கு மிஞ்சுவது 13 லட்சத்து 92 ஆயிரம்.

அதாவது, படம் எடுக்க நிஜமாகவே இருபது லட்சம் வேண்டுமென்றால் இந்தப் பரிசுப் பட்டியலை வைத்துக்கொண்டு 29 லட்சம் திரட்ட வேண்டும். டி-ஷர்ட்டை மட்டும் எடுத்துவிட்டால் இரண்டு லட்சம் மிஞ்சும். சின்னப் படத்தில் அது சில நாள் படப்பிடிப்பு. முதல்முறை இறங்குகிறவர்களுக்கு டி-ஷர்ட் மீது ஏன் அவ்வளவு ஆசை என்பது எனக்குப் புரிந்ததேயில்லை. பணத்தைவிட அது தின்னும் நேரம் கொடுமை. 534 பேரிடமும் சைஸ் கேட்க வேண்டும். நூறு பேர் பதில் போட மாட்டார்கள். எல் கேட்டவர் எக்ஸ்.எல். வேண்டும் என்பார். வீடு மாறியவருக்குப் போன பார்சல் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வரும். எடிட்டிங் மேசையில் உட்கார வேண்டிய உதவி இயக்குநர், கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் பின்கோடு எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. பலர் இலக்கு போடும்போது படப்பிடிப்புக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள்: கேமரா வாடகை, பேட்டா, சாப்பாடு, வண்டி. டப்பிங், பின்னணி இசை, மிக்ஸிங், டி.ஐ., சப்டைட்டில், சென்சார், தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி எல்லாம் “அப்புறம் பார்த்துக்கலாம்” கணக்கில் போய்விடும். முதல் பிரதி தயாராகும்வரை ஆகும் செலவுதான் படத்தின் விலை. பாதி எடுத்த படத்தின் ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருக்கும்போது இரண்டாவது முறை உண்டியல் நீட்டினால் முதலில் போட்டவர்களே, “அந்தக் காசு என்னாச்சு?” என்று கேட்பார்கள். வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் இப்படி வரவு வந்தால் ஜி.எஸ்.டி. பதிவு பற்றிய கேள்வியும் எழும். பிரசாரம் தொடங்கும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஐந்நூறு ரூபாய் லிங்க் செய்யும் வினை

பட்டியலில் ஆக மலிவானதாகத் தெரிவது அந்த லிங்க்தான். செலவே இல்லை. ஆனால் படத்தின் வியாபாரத்தையே கெடுக்கக்கூடியதும் அதுவே.

படத்தை வாங்க வரும் ஓ.டி.டி. நிறுவனம் பொதுவாக முதலில் கேட்பது தனி உரிமை. எங்கள் தளம் தவிர வேறெங்கும் படம் இருக்கக் கூடாது என்பார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, “ரிலீசன்று உங்கள் மெயிலுக்குப் படம் வரும்” என்று எழுதிக் கொடுத்தவர் அப்போது என்ன சொல்வார்? வாக்கைக் காப்பாற்றினால் விற்பனை போகும், விற்றால் வாக்கு போகும். திரைப்பட விழாக்களும் பல சமயம் முதல் காட்சி தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்பவை. முன்கூட்டியே ஊரெல்லாம் லிங்க் போனால் அந்த வாசலும் அடைபடும். யாராவது ஒருவர் டெலிகிராமில் ஏற்றிவிட்டால் முழுக்கதையும் முடிந்தது.

‘வெரோனிகா மார்ஸ்’ இந்தப் பள்ளத்தில்தான் இடறியது. 35 டாலர் கொடுத்தவர்களுக்கு டி-ஷர்ட்டும் திரைக்கதையும் படத்தின் டிஜிட்டல் பிரதியும் உண்டு என்பது வாக்கு. 2014 மார்ச்சில் படம் வந்தபோது வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் பிரதியை விநியோக நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் ‘ஃப்ளிக்ஸ்டர்’ என்ற தனித் தளம் வழியாகத் தந்தது. அதில் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். பலருக்கு அது ஓடவும் இல்லை. ஆப்பிளிலோ அமேசானிலோ பார்த்துப் பழகியவர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில், வேறு தளத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்தக் காசைத் திருப்பித் தருவதாக வார்னர் சொல்ல வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது தாங்கும். பதினாலு லட்சத்தில் படம் முடித்தவருக்குத் தாங்காது.

ஆகவே வாக்கின் வாசகத்தை முதலிலேயே சரியாக எழுதிவிட வேண்டும். “படத்தின் வெளியீட்டு உரிமையை வாங்குபவர் அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் வழியில் படம் பார்க்க ஏற்பாடு செய்யப்படும், ஓ.டி.டி.யில் மட்டும் வெளியானால் சிறப்புக் காட்சிக்கு இருக்கை தரப்படும்.” கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். விற்கும்போது கை கட்டப்படாமல் இருக்க இது வேண்டும்.

டைட்டில் பட்டமும் இதே ரகம். சென்சார் சான்றிதழ் ஒரு விண்ணப்பதாரரின் பேரில்தான் வரும். ‘தயாரிப்பாளர்’ என்று நாற்பது பேருக்கு விற்றுவிட்டால், நாளை ஒரு பெரிய நிறுவனம் தன் பேரில் படத்தை வெளியிட வரும்போது அந்த நாற்பது பேரிடமும் பேச வேண்டியிருக்கும். ‘நன்றி’ கார்டில் அறுநூறு பேர் வருவதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

பங்கு என்று சொன்னால் சட்டம் விழித்துக்கொள்ளும்

‘லூசியா’ மாதிரி லாபத்தில் பங்கு தருகிறேன் என்று இன்று ஃபேஸ்புக்கில் எழுதுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பவன் குமார் பணம் திரட்டியது 2013 கம்பெனிச் சட்டம் வருவதற்கு முன்பு. இப்போது ஒரு பிரைவேட் கம்பெனி தன் பங்குகளைத் தனிப்பட்ட முறையில் விற்க அச்சட்டத்தின் 42-வது பிரிவு வழி சொல்கிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கூடாது. யாரைக் கேட்கிறோமோ அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வரும் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பொது விளம்பரம் கூடவே கூடாது. “யார் வேண்டுமானாலும் வாங்க, பங்கு தர்றோம்” என்ற பதிவு அந்தக் கடைசி நிபந்தனையை நேராக மீறுகிறது. கிரவுட் ஃபண்டிங்குக்கென்று தனி விதி கொண்டுவருவது பற்றி செபி 2014 ஜூனில் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. அதை நம்பி யாரும் பங்கு விற்க முடியாது, அது விதியாகவில்லை.

இதைவிட மோசமானது, “படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு வருடத்தில் ஒன்றரை மடங்கு” என்ற பேச்சு. இப்படி நிச்சயத் தொகை சொன்ன கணமே அது சினிமா முதலீடு என்ற நிலையைத் தாண்டி டெபாசிட் வசூலாகப் பார்க்கப்படும். அதற்கு 2019-ல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் 1997-ஆம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இரண்டிலும் சிறை உண்டு.

பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தெரிந்த முப்பது, நாற்பது பேரோடு எல்.எல்.பி. பதிவு செய்துகொண்டு, லாபம் என்றால் எதிலிருந்து எதைக் கழித்தபின் என்று எழுதிவிடுவது ஒரு வழி. கழிக்கும் வரிசையில்தான் சண்டை வரும். தியேட்டர் வசூலில் விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு, டிஜிட்டல் புரொஜக்‌ஷன் கட்டணம் எல்லாம் முதலில் போகும். சாட்டிலைட், ஓ.டி.டி., ரீமேக் உரிமை என்று பின்னால் வருவதும் பங்கில் அடங்குமா என்பதையும் எழுத வேண்டும். ‘எனக்குள் ஒருவன்’ மாதிரி ஒரு ரீமேக் வரும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது.

மௌனமும் உரிமையும்

தாமதத்தைப் பணம் போட்டவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் பிரசாரங்களை ஆராய்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக், முக்கால் பங்குக்கு மேற்பட்டவை சொன்ன தேதியைத் தாண்டியே பொருளைத் தந்தன என்று கண்டார். பிறகு செய்த ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது திட்டங்கள் சொன்னதைத் தரவே இல்லை என்று தெரிந்தது. தாமதம் வாடிக்கை, ஏமாற்றம் குறைவு. ஆனால் வெளியே இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பிரித்துக் காட்டுவது இயக்குநர் அனுப்பும் செய்திதான். படப்பிடிப்பு நடக்கும்போது தினம் ஒரு போட்டோ போடுபவர்கள் எடிட்டிங் தொடங்கியதும் மாதக்கணக்கில் காணாமல் போகிறார்கள். பத்தாயிரம் போட்டவர் முதல் மாதம் விசாரிப்பார், மூன்றாம் மாதம் திட்டுவார், ஆறாம் மாதம் பொதுவெளியில் எழுதுவார். மாதம் ஒருமுறை, இதுவரை செலவான தொகையும் அடுத்து நடக்கப்போகிற வேலையும் சொல்லி நாலு வரி போதும். மொய் எழுதியவருக்கு நோட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை இருப்பது மாதிரிதான் இதுவும்.

உரிமை விஷயத்தில் நாலு வரி போதாது. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் சிலர் அதே உலகத்தில் நடக்கும் ‘ஆக்ஸனார்’ என்ற படத்தைத் தாங்களே எடுப்பதாகச் சொல்லி பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கொடுத்தவர்களுக்கு உற்சாகம், முன்னோட்டமாக வந்த குறும்படத்துக்கும் நல்ல பேர். 2015 டிசம்பரில் உரிமையாளர்களான பாரமவுன்ட்டும் சி.பி.எஸ்.ஸும் வழக்குப் போட்டன. ரசிகர்கள் எடுக்கும் படம்தானே, நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் சமரசம்: முழுநீளப் படம் கிடையாது, பதினைந்து நிமிடத்துக்கு மிகாத இரண்டு படங்கள் எடுக்கலாம், அவற்றுக்காகப் பொதுவெளியில் மறுபடி பணம் திரட்டக் கூடாது.

நம் ஊரில் ஸ்டார் ட்ரெக்கை யாரும் தொடப்போவதில்லை. ஆனால் பிரசார வீடியோவில் பின்னணியாக ஒரு பழைய இளையராஜா பாட்டை ஓட்டுவதும், எழுத்தாளர் போனில் “தாராளமா எடுங்க தம்பி” என்று சொன்னதை நம்பி அவர் நாவலின் பேரைப் போஸ்டரில் போடுவதும் வழக்கம். பணம் சேரும் வரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்தபின் பாட்டின் உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும், அல்லது நாவலுக்கு வேறொரு நிறுவனம் அட்வான்ஸ் கொடுத்திருப்பது தெரியவரும். கதை உரிமையை முத்திரைத் தாளில் எழுதி வாங்கி, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த மொழிக்கு என்று குறித்து, அதன் முதல் பக்கத்தைப் பிரசாரப் பக்கத்திலேயே போட்டுவிட்டால், படம் வாங்க வருபவர் கேட்கும் காகிதங்களில் ஒன்று அன்றைக்கே தயார்.